20 மி.மீ. பிளேட்டுக்குப் பெவல் போட்டு வெல்டு செய்ய வேலை கொடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

40,000 ரூபாய் போச்சு. கோபம் இன்னும் அடங்கவில்லை.

பாரம் தாங்கும் ஃபிரேமுக்காக 20 மி.மீ. பிளேட்டுகளை முனைக்கு முனை சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்தேன். விளிம்பைச் சாய்த்துச் சீவும் பெவல் பக்கத்துக்கு 30 டிகிரி, அடியில் சாய்க்காமல் விடும் ரூட் ஃபேஸ் 2 மி.மீ., இரண்டு பிளேட்டுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி என்று வரைபடத்திலேயே எழுதியிருந்தேன். பட்டறைக்காரர் ஒரு மாதிரித் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். சாய்வு முழுக்க ஒரே சீராக இருந்தது, கிரைண்டர் கோடுகூட ஒரே திசையில் ஓடியது. "எல்லாம் இப்படித்தான் சார் வரும்" என்றார். அதைப் பார்த்துத்தான் 40,000-ஐயும் முன்கூட்டியே கொடுத்தேன்.

வேலை முடிந்து வந்தபோது மேல் தையல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அகலம் வெறும் 10 மி.மீ. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ரூட் ஃபேஸ் போக மீதி 18 மி.மீ. ஆழத்துக்கு 30 டிகிரியில் சாய்த்தால் பக்கத்துக்கு 10 மி.மீ.க்கு மேல் விரியும். இடைவெளியையும் சேர்த்தால் வாய் 24 மி.மீ. அளவுக்கு வரவேண்டும். வாயே இல்லாமல் எதை நிரப்பினார்கள்?

ஓரத்திலிருந்து ஒரு துண்டு அறுத்து, வெட்டுமுகத்தை வழவழப்பாகத் தேய்த்துப் பார்த்தேன். மேலே 6 மி.மீ., கீழே 6 மி.மீ. மட்டும் உருகிச் சேர்ந்திருக்கிறது. நடுவில் 8 மி.மீ. உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. இரண்டு பிளேட்டும் அங்கே ஒட்டவே இல்லை! விளிம்பை லேசாகச் சீவிவிட்டு, இடைவெளியே விடாமல் முட்டவைத்து, இரண்டு பக்கமும் மேலோட்டமாக ஓட்டியிருக்கிறார்கள். பாரம் ஏறி இறங்கினால் விரிசல் அந்தக் கோட்டின் முனையில்தான் கிளம்பும்.

போன் செய்தால், "ரெண்டு பக்கமும் வெல்டு இருக்குல்ல சார், அது இன்னும் ஸ்ட்ராங்" என்றார். இரண்டு பக்கமும் வெல்டு செய்வது தப்பில்லை. ஆனால் அப்போது இரண்டு பக்கமும் ஆழமாகப் பெவல் போட்டு, ஒரு பக்கம் ஓட்டியதும் மறுபக்கத்தில் நல்ல உலோகம் தெரியும்வரை தோண்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அதைச் சொன்னதும், "வெல்டர் ஊருக்குப் போயிட்டார்." அப்புறம், "ஆம்பியர் ஏத்தி ஓட்டினோம், உள்ளே இறங்கியிருக்கும்." 8 மி.மீ. கெட்டி இரும்புக்குள் ராடை வைத்து ஆம்பியர் ஏற்றினால் இறங்கிவிடுமா? இப்போது போனையே எடுப்பதில்லை. 40,000 அவர் கையில், வெட்டி எறிய வேண்டிய பிளேட் என் கையில்.

கொடுப்பவர்களுக்கு அவசரமாகச் சொல்கிறேன். வெல்டு தொடங்கும் முன் விளிம்பை நேரில் பாருங்கள், கோணமானி வையுங்கள், ரூட் ஃபேஸை அளந்து பாருங்கள். முதல் ரன் ஓடியதும் அடிப்பக்கம் உருகி வந்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அதற்குப் பிறகு பணம் கொடுங்கள். மாதிரித் துண்டைப் பார்த்து 40,000 கொடுக்காதீர்கள்.