சுவரின் படத்தை மட்டும் பார்த்து விலை சொல்பவரிடம் கவனமாக இருங்கள்

கிளிநொச்சிப் பக்கம் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க எண்ணியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆளைப் பிடியுங்கள். 46,000 ரூபாவை இழந்த கோபத்தில்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மீள்குடியேறிய பின் வீட்டுத்திட்டத்தில் கட்டியது. முன்னறைச் சுவரில் முழங்கால் உயரம் வரை பெயின்ற் பொருக்குப் பொருக்காகக் கழன்றது. ஆவணியில் அதைக் கிட்ட நின்று படம் எடுத்து, பெயின்ற் வேலையை ஒப்பந்தத்துக்குச் செய்யும் ஒருவருக்கு வைபரில் அனுப்பி, "இதற்கு என்ன செய்யலாம், தம்பி?" என்று கேட்டேன். அது ஏன் கழல்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கால் மணி நேரத்தில் மூன்று நிறங்களும் ஒரு தொகையும் வந்தன. "வெளிர்மஞ்சள் அடித்தால் அறை வெளிச்சமாக இருக்கும், அக்கா." நான் கேட்பது நிறமா, திருத்தமா, செலவுக் கணக்கா என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. தனக்கு வேலை கிடைக்கும் பதிலையே எடுத்துக்கொண்டார்.

சுரண்டினார்கள், புட்டி பூசினார்கள், இரண்டு தடவை பெயின்ற் அடித்தார்கள். தீபாவளிக்கு அறை அழகாகத்தான் இருந்தது. கார்த்திகை மழை பெய்து ஓய்ந்து தை பிறந்தபோது அதே இடம் கொப்பளித்தது. விரலால் அழுத்தினால் நொறுங்கியது; உள்ளே பஞ்சு போல வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தொலைபேசியில் அழைத்தால், "சுவரில் ஈரம் இருந்தால் நாங்கள் பொறுப்பில்லை" என்றார். அந்த ஈரத்தைப் பற்றி முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவர் அவர்தானே!

பிறகு, முன்பு மேசன் வேலை செய்த பெரியப்பா ஒட்டுசுட்டானிலிருந்து வந்தார். அறைக்குள் நுழையாமல் நேரே வீட்டின் வெளிப்புறத்துக்குப் போனார். வெள்ளம் நிற்கிறதென்று இரண்டு வருடத்துக்கு முன் முற்றத்துக்குக் கிரவல் கொட்டியிருந்தோம். ஈரம் ஏறாமலிருக்க அத்திவாரத்தின் மேல் போட்ட தார்ப்பூச்சு அந்தக் கிரவலுக்குள் புதைந்திருந்தது. மண்ணின் ஈரம் அதைத் தாண்டிச் சுவரில் ஏறுகிறது. வழியில் கரைந்த உப்பையும் கொண்டுவருகிறது. ஈரம் காயும் இடத்தில் உப்புக் கட்டியாகி, மேலே உள்ள பெயின்றைத் தள்ளிவிடுகிறது. எந்தப் பெயின்ற் அடித்தாலும் இதுதான் நடக்கும்.

தார்ப்பூச்சுக்கு அரை அடி கீழ் வரை கிரவலை அள்ளினோம். ஈரக்கறைக்கு ஓர் அடி மேல் வரை பழைய பூச்சைக் கொத்தினோம். உப்பைக் காய்ந்த தூரிகையால்தான் தட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். இந்த வெயில் காலம் முழுவதும் சுவர் காய வேண்டும், பிறகுதான் புதுப் பூச்சு.

படம் அனுப்புவதானால் தரையும் கறையின் மேல் விளிம்பும் தெரிய ஒன்று, அதே சுவரை வெளியிலிருந்து ஒன்று எடுத்து, "நிறம் வேண்டாம், காரணம் சொல்லுங்கள்" என்று எழுதுங்கள். வெளியில் மண் எவ்வளவு உயரம் என்று கேட்கும் முன் விலை சொல்பவருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.