மூன்று நாள் தாங்கும். அதற்குப் பிறகுதான் வேடிக்கை

என் தோட்டத்தில் இருக்கும் அதே சோலார் விளக்குத் தொகுப்பை நண்பர் ஒருவர் வாங்கப்போகிறார். "மழைக்காலத்துக்காகப் பேட்டரியை மட்டும் இரட்டிப்பாக்கிவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். காரணத்தை விளக்கத் தொடங்கியதும் எனக்குப் பழைய எரிச்சலெல்லாம் திரும்பிவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விளக்குகளில் குறையே இல்லை. எல்லாம் 12 வோல்ட்டில் நேரடியாக எரிகிற எல்இடி என்பதால் இன்வெர்ட்டர் இல்லை. சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே நாள் முழுக்க மின்சாரம் தின்கிற அந்தப் பெட்டி இல்லாததே பெரிய நிம்மதி.

எரிச்சல் "மூன்று நாள் பேக்கப்" என்ற வாசகத்தில் இருக்கிறது. அது பொய் இல்லை. 10 வாட் விளக்குகள் ஆறு, ஆறு மணி நேரம் எரிந்தால் 360 வாட்-மணி. கொட்டகையில் 4 வாட் பல்பு பத்து மணி நேரம் எரிய 40. ஆக ஒரு நாளுக்கு 400, மூன்று நாளுக்கு 1,200. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 2,400 வாட்-மணி தேவை. 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி. விற்பவர் போட்ட கணக்கில் இதுவரை தப்பே இல்லை.

அடுத்து பேனலுக்கு வந்தார். நான்கு மணி நேர முழு வெயில், வழியில் முப்பது சதவீத இழப்பு என்று வைத்தால் 150 வாட் பேனல் நாளுக்கு 420 தரும். செலவு 400, வரவு 420, போதும் என்று முடித்துவிட்டார். அந்த மிச்சம் 20-ஐத்தான் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

மூன்று நாள் அடர்ந்த மேகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 84 கிடைத்தால் பெரிது. நாளுக்கு 316 வீதம் பேட்டரியில் சுமார் 950 வாட்-மணி குறைந்திருக்கும். நான்காம் நாள் வெயில் அடிக்கிறது, நாமும் மகிழ்கிறோம். ஆனால் அன்றிலிருந்து பேட்டரிக்குச் சேர்வது நாளுக்கு 20 மட்டுமே. இழந்ததை ஈடுகட்ட ஒன்றரை மாதம் மேகமே வராமல் இருக்க வேண்டும்! மழைக்காலம் அப்படியா வருகிறது? இரண்டாவது மேகம் வரும்போது பேட்டரி ஏற்கெனவே பாதியை நெருங்கித்தான் நிற்கும். மூன்று நாள் என்பது ஒரு நாளாகக்கூடத் தேறாது.

பேட்டரியை இரட்டிப்பாக்கினால் இது சரியாகாது. ஆறு நாள் தாங்கும், மீண்டு எழ மூன்று மாதம் ஆகும். அத்துடன், ஈய-அமில பேட்டரி முழுதாக நிறையாமலே கிடந்தால் தட்டுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்படிப்பட்ட பேட்டரியில் வோல்ட்டேஜ் சீக்கிரமே ஏறிவிடுவதால், நிறைந்துவிட்டது என்று சார்ஜ் கன்ட்ரோலர் பச்சை விளக்கைக் காட்டும். அந்தப் பச்சை விளக்கு எனக்கு இன்றுவரை ஆகாது. அது எரிந்துகொண்டிருக்கும்போதே ஹைட்ரோமீட்டரால் அமிலத்தை உறிஞ்சி அதன் ஒப்படர்த்தியைப் பார்த்தேன், மிதவை 1.200 அருகில் நின்றது. நிறைந்த பேட்டரியில் 1.260-க்கு மேல் காட்ட வேண்டும். கன்ட்ரோலரின் சொல்லை நம்பாமல், ஆறு அறைகளையும் தனித்தனியே பார்ப்பதே சரி.

பேனலை 300 வாட் ஆக்கிய பிறகு நிலைமை தலைகீழ். நல்ல நாளில் 840 வருகிறது, செலவு போக 440 மிச்சம். மேக நாளிலும் 168 கிடைப்பதால் மூன்று நாளில் குறைவது 700 மட்டுமே. இரண்டு நல்ல வெயில் பெரும்பகுதியை நிரப்பிவிடுகிறது. கடைசிப் பத்து சதவீதம் மெதுவாகத்தான் ஏறும், அதற்கு இன்னொரு நாள் விடுங்கள். சார்ஜ் ஆம்பியரும் பேட்டரி கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கை நெருங்குகிறது. பழைய பேனலில் அதில் பாதிகூட இல்லை.

கன்ட்ரோலரையும் கவனியுங்கள். இரண்டு பேனல்களை இணையாக இணைத்தால் சுமார் 18 ஆம்பியர் வரும். 20 ஆம்பியர் கன்ட்ரோலர் விளிம்பில் திணறும், 30 வாங்குங்கள். விளக்கை அணைக்கும் வோல்ட்டேஜ் தொழிற்சாலையில் 11.1 என்று வைத்து அனுப்புகிறார்கள். அதற்குள் பேட்டரி பாதியைத் தாண்டி வெகுதூரம் இறங்கியிருக்கும். என்னுடைய சிறிய சுமைக்கு 12.0 என்று உயர்த்தி வைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் மேல், யாராவது விற்கச் சொன்னால் கொடுக்க மாட்டேன். ஆனால் கடையில் வைத்திருக்கும் அதே தொகுப்பை அப்படியே வாங்கலாமா என்று கேட்டால், வாங்காதீர்கள். பேட்டரியைத் தொடாமல், பேனலை மட்டும் இரட்டிப்பாக்கித் தருவார்களா என்று கேளுங்கள்.