ஒரு பக்கம் ரேசர், ஒரு பக்கம் ட்ரிம்மர்: அக்குள் முடியோடு 14 மாதம்

அக்குள் முடியை எடுத்தால் வியர்வை குறையுமா, நாற்றம் போகுமா என்று தெரிந்துகொள்ளத்தான் இதை ஆரம்பித்தேன். முதல் ஆறு மாதம் இரண்டு பக்கமும் மழுமழுவென்று ஷேவ் செய்தேன். அடுத்த இரண்டு மாதம் இடது பக்கம் ரேசர், வலது பக்கம் ட்ரிம்மர். அதற்குப் பிறகு இன்றுவரை இரண்டு பக்கமும் ட்ரிம்மர்தான். ஏன் அங்கே வந்து நின்றேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் வியர்வை. ஷேவ் செய்த முதல் வாரமே எனக்கு அதிகமாக வியர்ப்பது போலத் தோன்றியது. சட்டையில் கக்கத்துப் பக்கம் பெரிய ஈர வட்டம். முடி எடுத்ததால் வியர்வை கூடிவிட்டதோ என்று பயந்தே போனேன். வியர்வைச் சுரப்பிகள் தோலுக்குள் ஆழத்தில் இருப்பவை. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முடியை வெட்டினாலும் வழித்தாலும் அவற்றுக்குத் தெரியப்போவதில்லை. இது தெரிந்தும் மனசு கேட்கவில்லை. ஒரு நாள், ஒரு பக்கம் வழித்து மறுபக்கம் முடி இருந்தபோது, ஒரே எடையுள்ள இரண்டு பருத்தித் துணித் துண்டுகளை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு வந்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு துண்டால் முடியோடு சேர்த்து ஒற்றி எடுத்து, நகை நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தேன். நான்கு நாள் செய்து பார்த்தேன். எந்தப் பக்கம் கூடுதல் என்று சொல்லும்படி ஒன்றுமே தெரியவில்லை.

அப்படியென்றால் சட்டையில் ஈர வட்டம் ஏன் பெரிதானது? முடி கொஞ்சம் வியர்வையைத் தன்மேல் தாங்கிக்கொள்கிறது. அது இல்லாதபோது வியர்வை நேராகத் துணிக்குப் போகிறது. சுரப்பது அதே அளவுதான், போய்ச் சேரும் இடம்தான் வேறு. வியர்வையே குறைய வேண்டும் என்றால் அதற்கு அலுமினிய உப்பு கலந்த ஆன்டிபெர்ஸ்பிரண்ட்தான் வழி. அதையும் இரவில், நன்றாகக் காய்ந்த தோலில் பூச வேண்டும். வழித்த அன்றே பூசினால் சுள்ளென்று எரியும், நான் பட்டிருக்கிறேன்.

நாற்றம் வேறு கதை. அக்குளில் இரண்டு வகைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒன்று உடம்பைக் குளிர்விக்கும் தண்ணீர் வியர்வையைத் தருகிறது. இன்னொன்று முடி வேர்ப்பையோடு ஒட்டியிருப்பது, கொஞ்சம் கொழகொழப்பான திரவம் தருகிறது. சுரக்கும்போது இரண்டுக்கும் வாடை பெரிதாகக் கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியா அந்தக் கொழகொழப்பைத் தின்று உடைக்கும்போதுதான் அந்தப் புளித்த, வெங்காயம் போன்ற வாடை கிளம்புகிறது. முடி இருந்தால் அந்தத் திரவமும் பாக்டீரியாவும் தங்க இடம் கூடுகிறது. அதனால் முடி போனால் நாற்றம் குறையும் என்பது கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. 1953-இல் தோல் மருத்துவர்கள் சோதித்தபோது, வழித்த பக்கம் வாடை தெளிவாகக் குறைந்ததாகச் சொன்னார்கள். 2012-இல் வந்த இன்னொரு ஆய்வில் வித்தியாசம் ரொம்பச் சொற்பம், முடி வளர்ந்ததும் அதுவும் மறைந்துவிட்டது என்று வந்தது. என் அனுபவம் இரண்டுக்கும் நடுவில் விழுகிறது.

நம் வாடை நம் மூக்குக்குச் சீக்கிரம் பழகிவிடும். அதனால் நீதிபதியாக அக்காவைப் பிடித்தேன். காலையில் இரண்டு பக்கமும் ஒரே சோப்பு, டியோடரண்ட் கிடையாது, துவைத்த பருத்திப் பனியன். மாலை ஏழு மணிக்குக் கழற்றிக் கொடுப்பேன். எந்தப் பக்கம் வழித்தது என்று அக்காவுக்குச் சொல்லவில்லை. முதல் நாள் பனியனை ஒரு கை தூரத்தில் பிடித்துக்கொண்டு, "ஏன்டா, உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டாலும், பன்னிரண்டு நாள் விடாமல் சொன்னாள்.

வழித்து முதல் இரண்டு நாள், வழித்த பக்கம்தான் குறைவு என்று சரியாகச் சொன்னாள். மூன்றாம் நாள் தயங்கினாள். அதற்குப் பிறகு ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது, "ரெண்டும் ஒண்ணுதான்டா" என்று ஒரு நாள். அதாவது ரேசரின் லாபம் முள் முள்ளாக முளைக்கும்வரைதான். அதைக் காப்பாற்ற இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வழிக்க வேண்டும், அங்கேதான் எனக்குப் பிரச்சினை வந்தது. அக்குளில் முடி ஒரே திசையில் வளர்வதில்லை. மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம் என்று சுழலும். எப்படி இழுத்தாலும் எங்கோ எதிர்த்திசையில்தான் போகும். நான்காவது மாதம் சிவப்புப் புள்ளிகள், பிறகு தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்த முடி இரண்டு, ஒன்றில் சீழ். கையைத் தொங்கவிட்டாலே உரசும். வழிப்பதை நிறுத்தியதும் இரண்டு வாரத்தில் அடங்கியது. இது அடங்காமல், வலியோடு ஆழமான கட்டிகள் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் ரேசரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். அது வேறு நோயாக இருக்கலாம்.

ட்ரிம்மருக்கு வருகிறேன். 3 மில்லிமீட்டர் சீப்பு மாட்டி, குளிப்பதற்கு முன், முடி காய்ந்திருக்கும்போது, கையைத் தலைக்குமேல் தூக்கித் தோலை இழுத்துவைத்து வெட்டுகிறேன். சீப்பு இல்லாமல் ஓட்டினால் மடிப்பில் தோலைக் கவ்வும், ஒருமுறை ரத்தம் பார்த்தேன். 6 மில்லிமீட்டர் விட்டால் வித்தியாசமே தெரியவில்லை. 3-இல் முள் குத்துவதில்லை, தோல் உரசுவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

வெட்டியதால் மட்டும் நாற்றம் குறைந்ததா? இல்லை என்றுதான் சொல்வேன். அக்கா சோதனையில் வெட்டிய பக்கம் எந்தப் பரிசும் வாங்கவில்லை. எனக்கு மாறியது கழுவும் விதம். அடர்ந்த முடி இருந்தபோது சோப்பு நுரை முடிமேலேயே நின்றுவிடும், நானும் கழுவியாயிற்று என்று நினைத்துக்கொள்வேன். இப்போது விரல் நுனி தோலைத் தொடுகிறது. அரை நிமிடம் தேய்த்து, வழவழப்பு போகும்வரை அலசி, துண்டால் ஒற்றி உலர்த்திவிட்டுத்தான் சட்டை. இப்படிக் கழுவ ஆரம்பித்த பிறகு மறுபடி ஒரு வாரம் அக்காவிடம் கொடுத்தேன். வழித்த பக்கத்துக்கும் வெட்டிய பக்கத்துக்கும் முதல் நாளிலேயே அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முடியை அப்படியே விட்டுவிட்டு இதே பொறுமையோடு தோல்வரை தேய்ப்பவருக்கு ட்ரிம்மரே தேவைப்படாது என்றுகூட நினைக்கிறேன். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இது எதுவும் உதவவில்லை. என்னிடம் ஒரு பாலியஸ்டர் டி-சர்ட் இருந்தது. துவைத்துக் காய்ந்தால் வாடையே இருக்காது, போட்டுப் பத்து நிமிடத்தில் பழைய நாற்றம் வந்துவிடும். ரேசர் காலத்திலும் அப்படித்தான், ட்ரிம்மர் காலத்திலும் அப்படித்தான். ஒரு நாள் துவைத்த கையோடு அதன் கக்கத்துப் பகுதியில் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். ஆவியோடு அதே வாடை எழுந்தது. அறையின் அந்தப் பக்கம் இருந்த அக்கா நிமிர்ந்து பார்த்து, "இது நீ இல்லடா, சட்டை" என்றாள். அது இப்போது வண்டி துடைக்கும் துணியாக இருக்கிறது.