கடை திறப்பு அறிவிப்பு: எதை முதலில் எழுதுவது?

தர்மபுரியில் தம்பி பலகாரக் கடை திறக்கிறான். வாட்ஸ்அப்பில் அனுப்ப அவன் எழுதியது இப்படித் தொடங்கியது: "மாபெரும் திறப்பு விழா!!! நீண்ட நாள் கனவு நனவாகிறது, அனைவரும் வருக வருக!!!" தேதி ஏழாவது வரியில், முகவரி அதற்கும் கீழே. "அதிரடி தள்ளுபடி" எதற்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதே இல்லை.

நான் திருத்தியது: "செப்டம்பர் 4, வெள்ளி காலை 9 மணிக்குக் கடை திறக்கிறோம். ஞாயிறு வரை 1 கிலோ முறுக்கு வாங்கினால் கால் கிலோ கடலை மிட்டாய் இலவசம். பென்னாகரம் ரோடு, நான்கு ரோட்டிலிருந்து வரும்போது இடது பக்கம். இத்தனை நாள் வீட்டில் மட்டும் சாப்பிட்ட அம்மாவின் முறுக்கு, இனி கடையிலும்."

முதலாவதிலும் சந்தோஷம் இருக்கிறது, ஆனால் நோட்டிஃபிகேஷனில் தெரிவது முதல் ஓரிரு வரிதான், அதில் "வருக வருக" மட்டும் இருந்தால் எப்போது, எங்கே என்று திறந்து தேட வேண்டும். இரண்டாவதில் ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை. அம்மாவின் முறுக்கு என்ற விஷயமே ஆசையைக் கிளப்பிவிடுகிறது. கனவு வரியை விட தம்பிக்கு மனமில்லை, சரி என்று கடைசியில் ஒரு முறை வைத்துக்கொண்டோம். "ஞாயிறு வரை" என்பதை மட்டும் விடவே கூடாது, விட்டால் திங்கள்கிழமை வருபவரோடு கல்லாவில் வாக்குவாதம்தான்.