“ஓகே” சொன்ன நாளா, அட்வான்ஸ் வந்த நாளா? ஒரு ஷெட் கொட்டேஷனை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தால்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நாலைந்து ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு நான்தான் கொட்டேஷன் எழுதிக் கொடுக்கிறேன், பில்லும் போடுகிறேன். கீழே வரும் கணக்கு அவற்றில் ஒன்றுடையது. கடலூர் முதுநகரில் வலை, ஐஸ் பெட்டி எல்லாம் வைக்க ஒரு கிடங்கு ஷெட். 30க்கு 60 அடி, இரும்புத் தூண், ட்ரஸ், மேலே கலர் ஷீட். விலை 4,80,000 ரூபாய், வரி தனி.

ஜூன் 3ஆம் தேதி கொட்டேஷன் போனது. அடியில் வழக்கமான இரண்டு வரி: “40% அட்வான்ஸ், மீதி வேலை முடிந்ததும். இந்த விலை 15 நாள் செல்லும்.” ஜூன் 17ஆம் தேதி வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: “ஓகே அண்ணே, வேலைய ஆரம்பிங்க.” அட்வான்ஸ் வந்தது ஜூலை 9ஆம் தேதி. இடைப்பட்ட மூன்று வாரத்தில் இரும்பு கிலோவுக்கு ஆறு ரூபாய் ஏறிவிட்டது. ஷெட்டுக்கு மூன்றரை டன் என்றால் 21,000 ரூபாய். “பதினஞ்சு நாள் முடிஞ்சிருச்சே, விலையை மாத்துங்க” என்றார் பட்டறைக்காரர். “நான்தான் பதினாலாம் நாளே ஓகே சொல்லிட்டேனே” என்றார் வாடிக்கையாளர்.

வாடிக்கையாளர் சொன்னதுதான் சரி. அந்த இரண்டு வரியில் எந்த இடத்திலும் அட்வான்ஸ் வந்தால்தான் ஒப்பந்தம் என்று இல்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, கெடு சொல்லிக் கொடுத்த முன்மொழிவு அந்தக் கெடுவுக்குள் ஏற்கப்படாவிட்டால்தான் காலாவதியாகும். இங்கே ஏற்பு கெடுவுக்குள் வந்துவிட்டது. அதன்பின் அட்வான்ஸ் என்பது அவர் தர வேண்டிய பாக்கி, அவ்வளவுதான். அதுவும் எந்தத் தேதிக்குள் என்று எழுதாத பாக்கி.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. பட்டறைகளில் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ஆனால் நேர் எதிரான வேலையைச் செய்பவை.

முதல் வழி, அட்வான்ஸையே ஏற்பின் நிபந்தனையாக வைப்பது. “ஜூன் 18 மாலை 6 மணிக்குள் கையெழுத்திட்ட நகலும் அட்வான்ஸ் தொகையும் எங்கள் வங்கிக் கணக்கில் சேர்ந்தால் மட்டுமே ஆர்டர் உறுதியாகும்.” இப்படி இருந்திருந்தால் ஜூன் 17 “ஓகே”வுக்கு எடையே இல்லை. 18ஆம் தேதி மாலையோடு முன்மொழிவு விழுந்திருக்கும், ஜூலை 9இல் புது விலை பேசியிருக்கலாம். 21,000 தப்பியிருக்கும்.

இதன் மறுபக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. பணம் வரும்வரை ஒப்பந்தமே இல்லை என்றால், பணம் கேட்கும் உரிமையும் இல்லை. வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, நீங்கள் ஆளனுப்பி அளவெடுத்து, டிராயிங் போட்டு முடித்த பிறகு, “வேற பட்டறைல குடுத்துட்டேன்” என்று அவர் சொன்னால் எதற்கும் பில் போட முடியாது. அவர் எதையும் மீறவில்லையே.

இரண்டாம் வழியில் கையெழுத்தே ஏற்பு. அட்வான்ஸ் அதிலிருந்து பிறக்கும் கடமை: “கையெழுத்திட்ட நாளிலிருந்து மூன்று வேலை நாளுக்குள்.” இப்போது நான்காம் நாள் காலையில் அவர் உங்களுக்குக் கடன்காரர். பணம் கேட்டுக் கடிதம் அனுப்பலாம், தாமதத்துக்கு வட்டி எழுதியிருந்தால் அதையும் கேட்கலாம். ஆனால் விலை உங்களையும் கட்டிப்போடுகிறது. அவர் மூன்று வாரம் இழுத்தாலும் பழைய விலைக்கே செய்ய வேண்டியதாகலாம்.

விலை தினம் ஆடும் சரக்குக்கு முதல் வழி, உழைப்பும் வடிவமைப்பும் முன்கூட்டியே போகும் வேலைக்கு இரண்டாம் வழி என்பது என் கணக்கு. ஷெட் வேலை இரண்டும் கலந்தது. அதனால் இப்போது இரண்டாம் வழியை எடுத்துக்கொண்டு அதில் ஒரு கதவு வைக்கிறேன்:

> இக்கொட்டேஷன் 18.06 மாலை 6 மணி வரை செல்லும். கீழே கையெழுத்திட்ட நகல் அதற்குள் எங்களுக்குக் கிடைத்தால் ஆர்டர் உறுதி. கிடைத்த நாளிலிருந்து 3 வேலை நாளுக்குள் முதல் தவணை செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால், எழுத்துமூலம் தெரிவித்து ஆர்டரை ரத்துசெய்யவோ புது விலை தரவோ எங்களுக்கு உரிமை உண்டு. ரத்தானால் அளவெடுப்பு, டிராயிங் கட்டணம் ரூ. 7,500 செலுத்த வேண்டும்.

“15 நாள்” என்று எழுதாமல் தேதி போட்டிருப்பதைக் கவனியுங்கள். கொட்டேஷனில் போட்ட தேதியிலிருந்தா, அது அவர் கைக்குப் போன நாளிலிருந்தா என்ற வழக்கே இதனால் எழாது. 7,500 என்பதும் உண்மையில் ஆகும் செலவை ஒட்டிய தொகை. மிரட்டுவதற்காக 50,000 என்று போட்டாலும் அது அப்படியே கிடைத்துவிடாது. 74ஆம் பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்புதான், நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவே.

எந்த வழியில் எழுதினாலும் 7ஆம் பிரிவில் ஒரு கண்ணி இருக்கிறது. எப்படி ஏற்க வேண்டும் என்று நீங்கள் வகுத்திருந்து, அவர் வேறு விதமாக ஏற்றால், நியாயமான நேரத்துக்குள் “சொன்னபடி செய்யுங்கள்” என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காமல் இருந்தால் அந்த ஏற்பை நீங்களே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். கையெழுத்து வேண்டும் என்று அச்சடித்துவிட்டு, வாட்ஸ்அப் “ஓகே”வுக்குக் கட்டைவிரல் படம் அனுப்புகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். “ஓகே அண்ணே, ஆனா அட்வான்ஸ் 25 தான் தருவேன்” என்று வந்தால் அது ஏற்பே இல்லை, எதிர் முன்மொழிவு. பதில் சொல்லாமல் இரும்பு வாங்கி வெல்டிங்கைத் தொடங்கினால் 25க்கு நீங்கள் சம்மதித்ததாகவே படும்.

தவணைப் பட்டியலுக்கு வருவோம். இங்கே மூன்று பாணி போட்டி போடுகின்றன. “பாதி வேலை முடிந்ததும் 30%” என்பது சதவீதப் பாணி. எது பாதி என்று சொல்ல ஆளில்லை. தூண் நின்றாலே பாதி என்பார் பட்டறைக்காரர், ஷீட் போட்டால்தான் பாதி என்பார் மற்றவர். இதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். தேதிப் பாணியில் “ஜூலை 10 அன்று 30%” என்று இருக்கும். பில் போடச் சுலபம், ஆனால் உங்கள் வேலை பின்தங்கினால் “வேல நடக்கல, பணம் மட்டும் தேதிக்குக் கேக்குறியே” என்பார்கள், அதில் நியாயமும் இருக்கும்.

மூன்றாவது நிகழ்வுப் பாணி. கண்ணால் பார்க்கக்கூடிய, போட்டோ எடுக்கக்கூடிய ஒன்றோடு தவணையைக் கட்டுவது. இந்த ஷெட்டுக்கு: ஆர்டரோடு 40%, இரும்பு தளத்தில் இறங்கியதும் 30%, கூரை ஷீட் போட்டு முடிந்ததும் 20%, ஒப்படைப்பில் 10%. இதன் பலவீனம், நிகழ்வு மற்றவர் கையில் இருந்தால் நின்றுபோகும் என்பது. அஸ்திவாரம் வாடிக்கையாளர் பொறுப்பு. கொத்தனார் வரவில்லை என்றால் தூண் நிறுத்த முடியாது, இரும்பு வெயிலில் கிடக்கும், மூன்றாம் தவணை வராது. அதற்காக நிகழ்வுக்குப் பின்னால் ஒரு நாள்கணக்கை நிறுத்துகிறேன்: “கூரை முடிந்ததும்; அல்லது, அதற்குமுன் வாடிக்கையாளர் தரப்புக் காரணத்தால் வேலை நின்றால், நின்றதை எழுத்தில் தெரிவித்த 20ஆம் நாள், அதுவரை முடிந்த வேலைக்கு.”

கடைசி 10%ஐ “திருப்தியானதும்” என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் கடற்கரையில் ஷெட் போடுகிறவர் எவருக்கும் ஐப்பசி கார்த்திகை மழை பார்க்காமல் திருப்தி வராது; தானே, ஃபெஞ்சல் புயல்களை எல்லாம் பார்த்த ஊர். ஜூலையில் முடித்த வேலைக்கு டிசம்பரில் பணம் என்று ஆகும். மழைக்குப் பயந்தால் ஒழுகலுக்கு ஒரு வருட உத்தரவாதம் தனியாக எழுதிக்கொடுங்கள். தவணையை “ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்தானதும், அல்லது முடிந்ததாகத் தெரிவித்து 7 நாளில் எழுத்தில் குறை வராவிட்டால், எது முதலில் வருகிறதோ அன்று” என்று வையுங்கள்.

இனி வரி. மேட்டுப்பாளையத்துக்கும் கடலூருக்கும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான், ஆனால் நடுவில் மாநில எல்லை. நிலத்தோடு பிணைத்துக் கட்டும் ஷெட் ஒர்க்ஸ் கான்ட்ராக்ட், அதாவது சேவை. கட்டடம் இருக்கும் ஊரே வழங்கல் இடம். ஆகவே புதுச்சேரிப் பட்டறை 18% ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். சரக்கை மட்டும் விற்றால் அட்வான்ஸுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, 2017 நவம்பரில் அது நீக்கப்பட்டது. சேவைக்கு உண்டு, பணம் கைக்கு வந்த அன்றே.

அந்த ஷெட்டில் பட்ட அடி இதுதான். “40% அட்வான்ஸ்” என்றிருந்ததால் அவர் 1,92,000 மட்டும் அனுப்பினார், வரி கடைசியில் தருவதாக நினைத்து. சட்டத்தின் கண்ணில் அந்தத் தொகைக்குள்ளேயே வரி இருக்கிறது: 1,92,000ஐ 18ஆல் பெருக்கி 118ஆல் வகுத்தால் 29,288 ரூபாய். அதை அந்த ரிட்டர்னிலேயே கட்டினோம், இரும்பு வாங்க மிஞ்சியது 1,62,712. இப்போது ஒவ்வொரு தவணைக்கும் வரியோடு ரூபாயில் எழுதுகிறேன்: 2,26,560, 1,69,920, 1,13,280, 56,640. கூட்டினால் 5,66,400. சதவீதம் அடைப்புக்குறிக்குள் துணைக்கு நிற்கட்டும்.

அட்வான்ஸ் கேட்கும்போது வரி இன்வாய்ஸ் போட்டுவிடாதீர்கள். சேவைக்கு இன்வாய்ஸ் தேதியோ பணம் வந்த தேதியோ, முந்தியது எதுவோ அன்றே வரிப் பொறுப்பு. பணம் வராமலே கையிலிருந்து 34,560 கட்டும்படி ஆகும். முதலில் ப்ரோஃபார்மா, பணம் வந்ததும் ரசீது வவுச்சர். வேலை நடந்த தவணைகளுக்கு மட்டும் நிகழ்வு நடந்ததும் இன்வாய்ஸ். இந்த ஷெட் ஆறு வார வேலை. மூன்று மாதத்துக்கு மேல் ஓடும் ஒப்பந்தமாக இருந்தால் தொடர் சேவை விதி வந்துவிடும்: தேதிப் பாணியில் எழுதினால் அந்தத் தேதிக்குள், நிகழ்வுப் பாணியில் எழுதினால் அந்த நிகழ்வு முடியும் நாளுக்குள் இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். நீண்ட வேலைக்குத் தேதிப் பாணியை நான் தவிர்ப்பது இதனால்தான். வேலை நின்றாலும் வரி நிற்காது.

அந்த 21,000ஐ இருவரும் பாதிப்பாதியாக ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த கொட்டேஷன் போன மறுநாளே அதே வாடிக்கையாளரிடமிருந்து “ஓகே அண்ணே” வந்தது, இந்த முறை பக்கவாட்டுத் தகர மறைப்புக்கு. பட்டறைக்காரர் என்னிடம் போனைக் கொடுத்தார். “நன்றிங்க. மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் போட்டோ அனுப்பினால் ஆர்டரில் ஏற்றிவிடுகிறோம்” என்று தட்டி அனுப்பினேன்.