நுனி கறுப்பு, வேர் பழுப்பு: பாக்ஸ் டை படிவை எடுத்த அனுபவம்

நரைக்காக மாதாமாதம் அடர் பழுப்பு பாக்ஸ் டை போடுகிறவள் நான். முடி முதுகு வரை வரும். மூன்று நான்கு வருடம் போனதில் தலை உச்சியில் செம்பழுப்பும், காதுக்குக் கீழே வெறும் கறுப்புமாகிவிட்டது. நுனி வெயிலில்கூட மினுங்காது, கரி தடவிய மாதிரி இருக்கும்.

காரணம் எளிதானதுதான். டப்பாவில் வரும் டெவலப்பர், அதாவது பெராக்சைடு கலவை, புதிதாக வளர்ந்த முடியின் இயற்கை நிறத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்துவிட்டுத்தான் சாயத்தை ஏற்றுகிறது. தலைச் சூட்டில் அது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் வேர் பழுப்பாக வருகிறது. நுனி பழைய முடி, ஏற்கெனவே பலமுறை சாயம் குடித்தது, மேல் செதில்கள் தேய்ந்து பஞ்சு போல ஆகியிருக்கும். ஒவ்வொரு தடவையும் இன்னொரு அடுக்கு ஏறுகிறது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் வளரும் என்பதால், ஒரு முழம் முடியின் நுனியில் மூன்று வருட டை குந்தியிருக்கிறது.

இதற்கு எல்லோரும் சொல்வது "ஒரு ஷேட் லைட்டா வாங்கிப் போடு". அது நேர் எதிராக வேலை செய்யும். டை மேல் டை போட்டால் பழைய சாயம் வெளிறாது. வேர் மட்டும் இன்னும் வெளிறி, இரண்டுக்கும் வித்தியாசம் கூடும். பார்லரில் முழுத் தலைக்கும் ப்ளீச் போடலாம் என்றார்கள். தேய்ந்த நுனி அதைத் தாங்காது என்று வேண்டாம் என்றேன். வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்து ஷாம்பூவில் கலந்து தேய்ப்பதையும் பார்த்துவிட்டேன். நிரந்தர டைக்கு அது போதாது, தண்ணீர் லேசாகப் பழுப்பாக ஓடியதோடு சரி.

வேலை செய்தது ப்ளீச் இல்லாத கலர் ரிமூவர், கந்தக வாடை அடிக்கும் வகை. முடிக்குள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி மாட்டியிருக்கும் சாயத் துகள்களை இது மறுபடி சிறிதாக்கும், தண்ணீரில் கழுவிவிடலாம். உங்கள் இயற்கை நிறத்தை இது திருப்பித் தராது, மருதாணியை எடுக்காது.

மருதாணி என்றதும் ஒன்று. கடையில் விற்கும் கறுப்பு மெகந்திப் பொடிகள் சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். அது இருக்கும் தலையில் பெராக்சைடு பட்டால் சூடேறி முடி உருகலாம். அதனால் பிடரிப் பக்கம் மறைவாக ஒரு கற்றை வெட்டி, 20 வால்யூம் வீரியமுள்ள டெவலப்பரில் சில சொட்டு அம்மோனியா விட்டு அரை மணி நேரம் ஊறப் போட்டேன். சூடோ குமிழோ வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். எனக்கு ஒன்றும் வரவில்லை. இன்னொரு கற்றையில் ரிமூவரையும் முதலில் சோதித்தேன்.

காய்ந்த முடியில், கறுப்பான நுனிக்கு மட்டும் முதலில் பூசி பிளாஸ்டிக் சுற்றினேன். பாதி நேரம் கழித்து நடுப்பகுதி. வேரைத் தொடவில்லை. அதன்பின் கழுவுவதுதான் மொத்த வேலையும். அட்டையில் சொன்ன நேரம் முழுக்க ஓடும் தண்ணீரில் நின்றேன், கை வலிக்கும். துகள்கள் உள்ளே தங்கிவிட்டால் காற்றுப் பட்டு மறுபடி பெரிதாகும். கழுவினதும் நன்றாக இருந்த முடி இரண்டு நாளில் கறுத்துப் போனால், அது கழுவல் பற்றாததின் அடையாளம். அழுகிய முட்டை வாடை ஒரு வாரம் தலைகுளிக்கும்போதெல்லாம் வந்தது, அதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

நுனி செம்பு நிறமாக மாறியது. பழைய டைகளின் பெராக்சைடு அடியில் செய்து வைத்திருந்த வேலை அது. உடனே டை போட்டால் தவறு, இப்போது முடி அளவுக்கு மீறி நிறம் குடிக்கும். இரண்டு வாரம் விட்டு, நான் வேண்டிய நிறத்தைவிட ஒரு ஷேட் லைட்டான, அம்மோனியா இல்லாத சாயத்தை, குறைந்த வால்யூம் டெவலப்பரோடு நுனிக்கு மட்டும் பூசினேன். பத்து நிமிடத்தில் ஒரு இழையைத் துடைத்துப் பார்த்து, நிறம் வந்ததும் கழுவிவிட்டேன். செம்பு அடங்கியது. வேருக்கும் நுனிக்கும் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் ஆளைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடுகிறது என்றால் வேர் மட்டும் போடுவதால்தான். டையைப் பிரஷ்ஷால் புதிய வளர்ச்சிக்கு மட்டும் தடவுகிறேன், கீழ் முடிக்கு முன்னாலேயே கண்டிஷனர் பூசிக் கொண்டை போட்டுவிடுகிறேன். கழுவும்போது வழியும் டை அதில் ஒட்டாது. ஒரு டப்பா வேருக்கு அதிகம் என்பதால் க்ரீமில் பாதியையும் டெவலப்பரில் பாதியையும் சமையலறைத் தராசில் நிறுத்து எடுத்துக் கலக்குகிறேன். மீதியைக் கலக்காமல் மூடி வைத்தால் அடுத்த மாதத்துக்கு ஆகும். கலந்ததை மட்டும் மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து புட்டி வெடிக்கலாம்.