அலாட்மெண்ட் படிவத்தில் ஒரு வரி: 616 டாலர் போன கதை

போன மாதம்தான் கப்பலிலிருந்து இறங்கினேன். ஏபியாக, அதாவது டெக்கில் வேலை செய்யும் மாலுமியாக, ஒன்பது மாதம். சம்பளம் ஒழுங்காக வந்தது, அதிலிருந்து கழித்து வீட்டுக்கு அனுப்பும் அலாட்மெண்டும் மாதம் தவறாமல் போனது. ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. அதனால்தான் என்னை ஏமாற்றுகிறார்கள் என்பது ஏழு மாதம் எனக்கே தெரியவில்லை. சைன்-ஆன் செய்து கப்பல் ஏறப் போகிறவர்கள், அவர்கள் வீட்டில் பணத்தை வாங்குகிறவர்கள், இரண்டு பேரும் இதைப் படித்துவிடுங்கள்.

என் சம்பளம் மாதம் 1,600 டாலர். என்னைக் கப்பலில் சேர்த்த ஏஜென்சியின் ஆபீஸில் உட்கார்ந்து, வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவது என்று முடிவு செய்தபோது என் மண்டையில் ஓடியதெல்லாம் அந்த 1,600தான். அதுவே முதல் தப்பு. பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 750, நிலையான ஓவர்டைம் 560, லீவ் பே 290. இந்த 290 மாதாமாதம் கைக்கு வராது. கணக்கில் சேர்ந்துகொண்டே போய், இறங்கும் நாளில்தான் தருவார்கள். ஆக மாதம் என்னிடம் இருப்பது 1,310. அதில் கப்பலில் வாங்கும் கேஷ் அட்வான்ஸ் 100, பாண்ட் ஸ்டோரில் வாங்கும் சோப்பு, பேஸ்ட், சிகரெட் 60, இன்டர்நெட் கார்டு 40 என்று 200 போய்விடும். அனுப்பக்கூடிய உச்சவரம்பு 1,110தான். அதையும் துடைத்து அனுப்பினால் அவசரத்துக்குக் கப்பல் கணக்கில் எதுவுமே நிற்காது.

வீட்டுச் செலவு, கடன் தவணை எல்லாம் கூட்டிப் பார்த்து, மாதம் ஊர்ப்பணத்தில் 95,000 வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அன்றைக்கு வெளியில் ரேட்டு டாலருக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சுலபமாக இருக்கும். அப்படியென்றால் 950 டாலர் அனுப்பினால் போதும்.

படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றில் அனுப்ப வேண்டிய தொகையை டாலரில் எழுதலாம், இன்னொன்றில் ஊர்ப்பணத்தில் எழுதலாம். நான் டாலர் கட்டத்தில் பேனாவை வைத்ததும் அந்த ஆபீஸ்காரர், "சார், ஊர்ப்பணத்திலேயே போடுங்க. ரேட்டு ஏறினாலும் இறங்கினாலும் வீட்டுக்கு ஒரே தொகை போகும். அவங்க குழம்ப மாட்டாங்க" என்றார். அக்கறையாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. 95,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'கம்பெனி நிர்ணயிக்கும் மாற்று விகிதத்தில்'. கண்ணில் பட்டது, ஆனால் மனதில் நிற்கவில்லை.

நான் கப்பல் ஏறியது மாதம் 19-ஆம் தேதி. அந்த 12 நாளுக்கு அலாட்மெண்ட் கிடையாது. முதல் முழு மாதம் முடிந்து, அடுத்த மாதம் 10-ஆம் தேதி வாக்கில்தான் பணம் போனது. ஐம்பது நாளுக்கு மேல் வீட்டில் ஒரு காசு வரவில்லை. இது ஏமாற்று இல்லை, பெரும்பாலும் நடைமுறையே இப்படித்தான். ஆனால் முன்கூட்டியே யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த இடைவெளிக்குத் தனியாகக் காசு வைத்துவிட்டு ஏறுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் அலாட்மெண்ட் 1,025 என்று ஒரே எண்ணாகக் கழித்திருந்தார்கள். நான் 950 என்று நினைத்திருந்தேனே, ஏன் 75 கூடுதல் என்று முதல் மாதமே கேட்டிருக்க வேண்டும். பேங்க் சார்ஜ் ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் 95,000 சரியாக வந்துகொண்டிருந்தது. மனைவியிடம் கேட்டால் "வந்துடுச்சுங்க, கரெக்டா இருக்கு" என்பாள். அவள் சொன்னதில் பொய்யில்லை. தொகையை ஊர்ப்பணத்தில் கட்டி வைத்துவிட்டால் வாங்குகிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. குறைவதெல்லாம் அனுப்புகிறவன் கணக்கில். அதுவும் டாலரில், கடலில்.

மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரிச் செலவு ஒன்று வந்தது. 300 டாலர் கூடுதலாக அனுப்ப முடியுமா என்று கேப்டனிடம் போனேன். கணக்கைப் பார்த்தால் மாதம் 85 வீதம் இரண்டு மாதத்து மீதி, 170 டாலர்தான் நிற்கிறது. லீவ் பே சேர்ந்திருக்கிறது, ஆனால் தொட முடியாது. தம்பிதான் கடன் வாங்கிச் சமாளித்தான். 950 மட்டும் கழித்திருந்தால் மாதம் 160 நின்றிருக்கும், இரண்டு மாதத்துக்கு 320. கேட்ட 300-ஐ அப்படியே அனுப்பியிருக்கலாம்.

விஷயம் வெளிவந்தது ஏழாம் மாதம், மெஸ் ரூமில். ஆயிலர் ஒருவர், வேறு ஏஜென்சி மூலம் வந்தவர், தன் சீட்டை மேசையில் வைத்துவிட்டு டீ போடப் போனார். அவர் சீட்டில் அலாட்மெண்டுக்கு நேராக ரேட்டும் அச்சாகியிருந்தது. என்னுடையதில் அப்படி ஒரு வரியே கிடையாது. "அண்ணே, உங்க வீட்டுக்கு எவ்வளவு போச்சு?" என்று கேட்டேன். 800 டாலர் கழித்திருக்கிறார்கள், வீட்டுக்கு 83,000 போயிருக்கிறது. போன் கால்குலேட்டரில் வகுத்தேன். அவருக்கு டாலருக்கு 103.75. எனக்கு 95,000-ஐ 1,025-ஆல் வகுத்தால் 92.68. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அவர் டீயை வைத்துவிட்டு, "தம்பி, பணத்தை யார் அனுப்புறான்னு வீட்டுல பாஸ்புக்கைப் பார்க்கச் சொல்லு" என்றார்.

அடுத்த துறைமுகத்தில் சிக்னல் கிடைத்ததும் மனைவியைப் படிக்கச் சொன்னேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். வெளிநாட்டு வரவு என்று எதுவும் இல்லை. ஏஜென்சியின் பெயரில், உள்ளூர்க் கணக்கிலிருந்து வந்த சாதாரண டிரான்ஸ்ஃபர். கப்பல் கம்பெனி என் பெயரில் தந்த டாலர் ஏஜென்சியிடமே நின்றுவிட்டது. அவர்கள் தங்களிடம் இருந்த ஊர்ப்பணத்தை எடுத்து வீட்டுக்குப் போட்டிருக்கிறார்கள். எந்த ரேட்டில் என்பதை அவர்களே வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வரியை முதல் மாதமே பார்த்திருந்தால் போதும்.

மாதாமாதம் போன 1,025-இல் 25 'அனுப்பும் கட்டணம்', மீதி 1,000-க்கு ரேட்டு 95 என்பது பிறகு கேட்டபோது தெரிந்தது. முதல் மூன்று மாதம் வெளியில் ரேட்டு 100. கழிக்க வேண்டியது 950, ஆக மாதம் 50 நஷ்டம். அடுத்த மூன்று மாதம் ரேட்டு 102. கழிக்க வேண்டியது 931, நஷ்டம் 68 சொச்சம். கடைசி மூன்று மாதம் 104. கழிக்க வேண்டியது 913, நஷ்டம் 87-க்குக் கொஞ்சம் குறைவு. ஒன்பது மாதத்துக்கு 616 டாலர். இதில் கவனிக்க வேண்டியது, டாலர் மதிப்பு ஏற ஏற என் நஷ்டமும் ஏறியது. டாலரில் சம்பளம் வாங்குகிறவனுக்கு வர வேண்டிய லாபம் அது. 'ஒரே தொகை போகும்' என்று அவர் சொன்ன வசதிக்கு இதுதான் விலை.

கேப்டன் நல்ல மனிதர். "ரேட்டு போடுறது ஆபீஸ், எனக்குக் கழிக்கிற எண் மட்டும்தான் வரும்" என்றார். ஆனால் கப்பலிலேயே புகார் கொடுக்கும் நடைமுறை இருக்கிறது என்று படிவத்தை அவரே எடுத்துத் தந்தார். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, எல்லோரும் எம்எல்சி என்பார்களே, 2006-இல் ஏற்கப்பட்டு 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, அதன் பிரதி கப்பலில் இருக்கும். சம்பளப் பகுதியில் மூன்று விஷயம் எனக்குச் சாதகமாக இருந்தது. மாதக் கணக்கில் மாற்று விகிதத்தைக் காட்ட வேண்டும். அனுப்பும் கட்டணம் நியாயமான அளவில் இருக்க வேண்டும். ரேட்டு சந்தை நிலவரப்படியோ அதிகாரபூர்வமாக வெளியிட்டபடியோ, மாலுமிக்குப் பாதகமில்லாமல் இருக்க வேண்டும்.

அந்த மூன்றாவதற்குள் ஒரு சின்ன ஓட்டை: 'வேறு விதமாக ஏற்பாடு இல்லாவிட்டால்'. ஏஜென்சி அதைத்தான் பிடித்துக்கொண்டது. பதில் மெயிலில் என் படிவத்தின் ஸ்கேன், பொடி எழுத்து வரியைச் சுற்றி மஞ்சள் வட்டம், கீழே என் கையெழுத்து. ஏற்பாட்டுக்கு நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்றார்கள். மாலுமிக்குப் பாதகமாக இருக்கக்கூடாது என்பதைத் திரும்ப எழுதினேன், பதில் இல்லை. மீதி இரண்டு மாதத்துக்காவது டாலர் கணக்குக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன். கான்ட்ராக்ட் முடியப் போகிறதே, இனி எதற்கு என்றார்கள்.

இறங்கும் நாளில் இறுதிக் கணக்கை நீட்டினார்கள். அடியில் 'முழுத்தொகையும் பெற்றேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அச்சாகியிருந்தது. விமானத்துக்கு மூன்று மணி நேரம். ஏஜெண்ட் வேன் கேங்வேக்குக் கீழே நிற்கிறது. இந்த அவசரத்தில்தான் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். நான் 'அலாட்மெண்ட் ரேட்டு, கட்டணம் பற்றிய ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று கையால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டேன். அதை வைத்துத்தான் பிறகு பேச முடிந்தது. 25 டாலர் கட்டணம் படிவத்தில் எங்கேயும் இல்லை, அதனால் 225-ஐத் திருப்பித் தந்தார்கள். 616 வரவில்லை. நானே கையெழுத்துப் போட்ட வரி.

அடுத்த கான்ட்ராக்டுக்கு இப்போது கணக்குப் போட்டுவிட்டேன். 1,310-இலிருந்து ஆரம்பித்து, கப்பல் செலவு 200, அவசரத்துக்கு மாதம் 160 எடுத்து வைத்து, 950 டாலர். டாலர் கட்டத்தில் மட்டும் எழுதுவேன். போவது வெளிநாட்டு வரவு வாங்கக்கூடிய என் சொந்தக் கணக்குக்கு, வீட்டுக்கு அதிலிருந்து மாதம் 95,000. ரேட்டு ஏறினால் மிச்சம் என் கணக்கிலேயே தங்கும். விழுந்தால் அந்த மிச்சத்தை எடுத்து ஈடுகட்டுவேன். முழுவதையும் அனுப்பாமல் கப்பலிலேயே சேர்த்து வைக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். கம்பெனி கப்பலைக் கைவிட்டு ஓடினால் எம்எல்சி காப்பீடு நிலுவைச் சம்பளத்தில் நான்கு மாதம் வரைதான் ஈடு தரும். அதற்கு மேல் அவர்களிடம் விட்டு வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று வேறொரு ஏஜென்சிக்குப் போனேன். படிவம் வேறு, பொடி எழுத்து அதேதான். அந்த வரியைக் குறுக்கே அடித்து, 'அனுப்பும் நாளின் சந்தை ரேட்டு' என்று எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து, அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவர்கள் முத்திரையோடு திரும்பி வந்தது.